பேட் போட்டும் கீழ்வீடு அதிர்கிறதா? சப்வூஃபர் அதிர்வை அறிகுறி பார்த்து அடக்கும் வழி

என் சப்வூஃபர் பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி, எடை 18 கிலோ. டிவிக்குப் பக்கத்தில் அறையின் மூலையில் வைத்திருந்தேன். ஒருநாள் கீழ்வீட்டுப் பெரியவர் மாடியேறி வந்தார். "தம்பி, பாட்டுச் சத்தம் ஒண்ணும் கேக்கல. ஆனா படுத்தா தலையணைக்கு அடியில யாரோ குத்துற மாதிரி இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு மனசு உறுத்தியது. அந்த வாரமே நான்கு ரப்பர் ஐசோலேஷன் பேட் வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது விசாரித்தேன். "முன்னைக்கு இப்ப கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. பேட் போட்ட பிறகு அதிர்வு உண்மையிலேயே கூடியிருந்தது. ஏன் என்று தேடிப் போனதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேஸ் அடுத்த வீட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் ஓடும்போது பெட்டி எதிர்த்திசையில் உதைபடுகிறது. அந்த உதை கால்கள் வழியாக நேரே தளத்துக்குள் இறங்குவது முதல் வழி. அறைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி இறங்கி, தரையையும் சுவரையும் கூரையையும் மொத்தமாகத் தள்ளுவது இரண்டாவது வழி. பேட் முதல் வழியை மட்டும்தான் அடைக்கும். இரண்டாவது வழியில் போகும் பேஸை எவ்வளவு விலை உயர்ந்த பேட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் எந்த வழி பெரியது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பை எடுத்து 40 ஹெர்ட்ஸ் ஒலியை சிஸ்டத்தில் ஓடவிடுங்கள். வழக்கமாகப் படம் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஒரே அலைவெண்ணைத் தொடர்ந்து ஓட்டினால் ஸ்பீக்கர் சுருள் சூடாகும் என்பதால் பத்து, பதினைந்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள்.

இப்போது இன்னொரு போனைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் தட்டையாக வையுங்கள். `phyphox` என்ற இலவச ஆப்பில் முடுக்கத்தின் நிறமாலையைக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை ஓட்டினால் 40 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு கூர்மையான முனை எழும். அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில போன்களில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தெரியாது. நான் 40-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பெட்டியைத் தூக்கி அதே இடத்தில் ஒரு தடிமனான ஃபோம் மெத்தைத் துண்டின் மேலோ, மூன்று நான்கு தலையணைகளின் மேலோ வையுங்கள். நடுவில் ஒரு பலகை போட்டால் சாயாது. கையை எடுக்கும் முன் அசைத்துப் பாருங்கள். கூம்பு தரையைப் பார்த்திருக்கும் வகைப் பெட்டியானால் பலகை கட்டாயம், இல்லையென்றால் தலையணை கூம்பில் முட்டும். வால்யூமைத் தொடாமல் அதே ஒலியை மறுபடி ஓட்டி முனையின் உயரத்தைப் பாருங்கள்.

மெத்தையில் வைத்ததும் முனை பாதிக்கும் கீழே இறங்கினால், உதை கால் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். நல்ல பேட் உங்களுக்கு உதவும். இறங்கவே இல்லை, அல்லது சற்றுத்தான் இறங்கியது என்றால் காற்று வழிதான் பெரியது. பேட்டுக்குச் செலவழிக்கவிருந்த காசைப் பத்திரப்படுத்திவிட்டு இடம் மாற்றும் பகுதிக்குப் போங்கள். முனை சுத்தமாக மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றழுத்தமும் தரையைக் கொஞ்சம் ஆட்டத்தான் செய்யும், போன் அதையும் சேர்த்தே காட்டும்.

இன்னும் நல்லது, கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு இதே சோதனையை அவர் அறையில் செய்வது. நான் அப்படித்தான் செய்தேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, முதல் ஒலியா இரண்டாவது ஒலியா என்று போனில் சொன்னார். மெத்தையில் வைத்தபோது "குத்து போயிடுச்சு, ஒரு ஊங்காரம் மட்டும் இருக்கு" என்றார். என் தரையில் முனை மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. குத்து கால் வழியாகப் போனது, ஊங்காரம் காற்று வழியாகப் போனது. என் வீட்டில் இரண்டுமே இருந்தன.

அறிகுறி: மெத்தையில் அடங்குகிறது, பேட் மேல் அடங்கவில்லை

அப்படியானால் பேட் உங்கள் பெட்டியின் எடைக்குப் பொருந்தவில்லை. பேட் என்பது ஒரு ஸ்பிரிங். அதன் மேல் ஒரு எடை உட்கார்ந்தால் அந்த ஜோடிக்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அந்த வேகத்தைவிட நன்றாக மேலே இருக்கும் அதிர்வைத்தான் பேட் தடுக்கும். கணக்காகச் சொன்னால், இயல்பு அலைவெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலே போன பிறகுதான் தடுப்பே தொடங்கும். இயல்பு அலைவெண்ணுக்கு வெகு கீழே பேட் இருந்தும் இல்லாததும் ஒன்று. இயல்பு அலைவெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதிர்வைப் பெருக்கியே அனுப்பும்.

அந்த அலைவெண்ணைத் தெரிந்துகொள்ள, பெட்டியின் எடையில் பேட் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால் போதும். d என்பது அமுங்கிய அளவு, சென்டிமீட்டரில்.

```
f = 5 / √d
```

என் ரப்பர் பேட்டின் உயரத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். பெட்டி இல்லாதபோதும் பெட்டி ஏறியபோதும் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர்தான், அதாவது 0.03 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் இயல்பு அலைவெண் 29 ஹெர்ட்ஸ் வருகிறது. அதன் 1.4 மடங்கு சுமார் 41. ஆக, சப்வூஃபர் அதிகம் வேலை செய்யும் 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் என் பேட் தடுக்கவே இல்லை, பெருக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் "கூடத்தான் இருக்கு" என்றதன் காரணம் இதுதான். போதாததற்கு, ரப்பர் அசையாமல் சுமக்கும்போது இருப்பதைவிட வேகமாக அதிரும்போது விறைப்பாக நடந்துகொள்ளும். எனவே உண்மையான அலைவெண் இந்தக் கணக்கில் வருவதைவிடச் சற்று மேலேதான் இருக்கும்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஒரு பேட் 40 கிலோ தாங்கும்" என்று அட்டையில் போட்டிருந்தால் நல்ல உறுதியான பேட் என்று வாங்கிவிடுகிறோம். 18 கிலோ பெட்டிக்கு நான்கு பேட் என்றால் ஒவ்வொன்றின் மேலும் 4.5 கிலோதான் இறங்குகிறது. நாற்பது கிலோவுக்கான பேட்டுக்கு அது இறகு மாதிரி, அது அமுங்கவே அமுங்காது. உங்களுக்குத் தேவை, உங்கள் எடை அதன் வேலை எல்லையின் மேல்பாதியில் விழும் பேட். என் 4.5 கிலோ சுமைக்கு 2 முதல் 5 கிலோ வரை என்று குறிப்பிட்ட மென்மையான பேட் சரியாக இருந்திருக்கும்.

மறுபக்கமும் தவறு நடக்கும். மலிவான பஞ்சு போன்ற ஃபோம், கனமான பெட்டிக்கு அடியில் ஒரே மாதத்தில் அப்பளமாகிவிடும். முழுக்க அமுங்கிப்போன ஃபோம் ஸ்பிரிங்காக இருக்காது, கெட்டித் துண்டாகிவிடும். ஓரத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தால் அதன் வேலை முடிந்தது. பொதுவாக ஃபோம் தன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை அமுங்கியிருந்தால் நல்ல நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அளக்கக் கருவி இல்லையா? பெட்டியின் மேல்மூலையை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள். சரியான பேட் மேல் இருக்கும் பெட்டி மெல்ல ஆடி நிற்கும், அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். தரையில் ஆணியடித்தது மாதிரி நின்றால் அதன் அடியில் இருப்பது வெறும் அலங்காரம்.

நான் செய்தது இது. 40 மில்லிமீட்டர் உயரமுள்ள மென்மையான பேட் நான்கு வாங்கினேன். அதன் மேல் 45க்கு 45 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு கிரானைட் பலகையை வைத்தேன். அந்தக் கல் மட்டும் சுமார் 16 கிலோ இருக்கும். கல்லின் மேல் சப்வூஃபர். மொத்தம் 34 கிலோ ஆனதால் பேட் ஒவ்வொன்றும் 8.5 கிலோ சுமந்தது, 5 மில்லிமீட்டர் அமுங்கியது. கணக்குப்படி 7 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேலே இருப்பதால், காகிதத்தில் முப்பதில் ஒரு பங்குதான் கீழே போக வேண்டும். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது, பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலே நல்ல விளைவு. கீழே குத்து நின்றுவிட்டது.

கல்லின் வரிசை முக்கியம். தரை, பேட், கல், சப்வூஃபர் என்று கீழிருந்து மேலாக வர வேண்டும். கல்லைக் கான்கிரீட் தரையில் போட்டு அதன் மேல் பேட் வைத்தால் ஒரு பயனும் இல்லை. தளம் ஏற்கெனவே பல டன் எடை, அதில் 16 கிலோ சேர்த்து என்ன ஆகப்போகிறது? பேட்டுக்கு மேலே கல் இருந்தால்தான் சுமை கூடி இயல்பு அலைவெண் இறங்கும், பெட்டியின் தலையாட்டமும் குறையும்.

இன்னொன்று, பெட்டியோடு வந்த கூர்முனை ஸ்பைக் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பைக் அதிர்வைப் பிரிக்கும் பொருளே அல்ல. கம்பளத்தைத் துளைத்துப் பெட்டியைத் தளத்தோடு இறுக்கிப் பிடிக்கத்தான் அது. நம் நோக்கத்துக்கு நேரெதிர்.

பேட்டுகளை நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் வைத்தால் முன்பக்கம் சாயும், ஸ்பீக்கரின் காந்தம் முன்னே இருப்பதால். முன் இரண்டு பேட்டைச் சற்று முன்னால் தள்ளியோ, பின்னால் உள்ளவற்றை உள்ளே இழுத்தோ நான்கும் சமமாக அமுங்கும்படி சரிசெய்யுங்கள்.

அறிகுறி: குத்து இல்லை, ஊங்காரம் மட்டும் போகிறது, அதுவும் சில பாட்டில் மட்டும்

இதுதான் காற்று வழி. இங்கே பேட் உதவாது, இடம்தான் உதவும். சில பாட்டில் மட்டும் என்பது முக்கியமான தடயம். ஏதோ ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் உங்கள் அறை ஒத்ததிர்கிறது என்று அது சொல்கிறது.

எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பி, நின்ற அலையாக நிற்கும். அதன் அலைவெண், ஒலியின் வேகமான 343-ஐ அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். என் அறை 4.3 மீட்டர் நீளம். 343-ஐ 8.6-ஆல் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ். இந்த அலைக்கு இரு கோடிச் சுவர்களிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுக்கோட்டில் கிட்டத்தட்ட எதுவுமே இருக்காது.

இப்போது கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுக்குமாடியில் பெரும்பாலும் மேல் அறையும் கீழ் அறையும் ஒரே அளவு. என் அறை 40 ஹெர்ட்ஸில் வீங்கினால், தளத்தைத் தாண்டி இறங்கிய மிச்சமும் அதே 40 ஹெர்ட்ஸில் கீழ் அறையிலும் வீங்கும். பெரியவரின் கட்டில் தலைமாடு சுவரை ஒட்டி இருந்தது. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் அவர் தலை வைத்துப் படுத்திருந்தார்.

நானோ சோபாவில், அறையின் நடுவில். எனக்கு 40 ஹெர்ட்ஸ் பாதிகூடக் கேட்கவில்லை. "இந்தப் படத்தில் பேஸே இல்லையே" என்று கெய்ன் குமிழை ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளி ஏற்றியிருந்தேன். எனக்குக் கேட்காத அலைவெண்ணை அவருக்காகவே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். புகார் வருகிற பல வீடுகளில் நான் பார்த்தது இதே கதைதான். உங்கள் காதுக்குப் பேஸ் போதவில்லை என்று தோன்றினால், குமிழைத் தொடும் முன் எழுந்து சுவரோரம் போய் நின்று கேளுங்கள். அங்கே இடிக்கிறது என்றால் குறை சப்வூஃபரில் இல்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான்.

மூலைதான் எல்லா நின்ற அலைகளையும் ஒருசேரக் கிளப்பும் இடம். மூன்று பரப்புகள் கூடும் அங்கே எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சம். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து, நீளமான சுவரின் நடுப்புள்ளிக்குக் கொண்டுபோனால் முதல் நின்ற அலையைக் கிட்டத்தட்ட கிளப்பவே முடியாது. என் அறையில் அது மூலையிலிருந்து 2.15 மீட்டர். அங்கே வைத்து அதே 40 ஹெர்ட்ஸை ஓட்டியபோது கோடிச் சுவரோரம் இருந்த வீக்கம் போய்விட்டது.

நான் அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். நீளச் சுவரின் நடுப்புள்ளி என் சோபாவுக்குப் பக்கத்திலேயே வருகிறது. சோபாக் கைப்பிடிக்கு அடுத்து, காதிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் பெட்டியை வைத்தேன். முன்பு அது மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. வெட்டவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அத்தனை கிடைக்காது என்றாலும், எனக்கு அதே பேஸ் கேட்பதற்குக் கெய்னை 6 டெசிபல் குறைக்க முடிந்தது. கூம்பின் ஓட்டம் பாதியாகிறது, பெட்டியின் உதையும் பாதியாகிறது, அறை முழுவதும் நிறையும் அழுத்தமும் பாதியாகிறது. கால் வழி, காற்று வழி இரண்டையும் ஒரே அடியில் குறைக்கும் ஒரே மாற்றம் இதுதான். என்னைக் கேட்டால், பேட்டுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும், செலவும் இல்லை.

பெட்டி பக்கத்தில் வந்தால் பேஸ் அங்கிருந்து வருவது காதுக்குத் தெரியுமோ என்று பயப்படுவார்கள். எந்த அலைவெண் வரை சப்வூஃபருக்கு அனுப்புவது என்று வைக்கும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தெரியாது. தெரிந்தால் 70 அல்லது 60-க்கு இறக்குங்கள். இடம் மாற்றியதும் ரிசீவரில் தூர அளவையும் மாற்றிவிடுங்கள், மறந்தால் முன் ஸ்பீக்கரோடு நேரம் ஒத்துப்போகாமல் பேஸ் மெலிந்து கேட்கும்.

அதன் பிறகும் ஒரு முனை மிஞ்சினால் ஈக்வலைசர். 30-இல் தொடங்கி 2 ஹெர்ட்ஸ் படியாக 80 வரை டோனை ஏற்றி, கோடிச் சுவரோரம் எங்கே திடீரென்று வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மட்டும் குறுகலாக 6 முதல் 8 டெசிபல் வெட்டுங்கள். கீழ் அறையும் அதே அலைவெண்ணில் வீங்குவதால் இந்த வெட்டின் பலன் அங்கேயும் கிடைக்கும். மாறாக, உங்கள் இருக்கையில் பள்ளமாகக் கேட்கும் அலைவெண்ணை ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். நிரம்பாது, கீழ்வீட்டுக்குப் போவது மட்டும் கூடும்.

டெசிபல் காட்டும் போன் ஆப்பில் பார்த்துவிட்டு "சத்தமே இல்லையே" என்று வாதாடுவோர் உண்டு. ஆப்பில் A என்ற அமைப்பு இருந்தால் அது 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துத்தான் காட்டும். C அல்லது Z-க்கு மாற்றிப் பாருங்கள். போன் மைக் அடிபேஸில் துல்லியமாக இராது, ஆனால் முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு என்று ஒப்பிட அது போதும்.

சுவரில் ஒட்டும் கறுப்பு ஃபோம் பற்றியும் கேட்பார்கள். 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதில் கால்பங்கே இரண்டு மீட்டருக்கு மேல். ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் அதை உணரக்கூட உணராது. கைத்தட்டலின் எதிரொலி குறையும், கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

அறிகுறி: கீழே இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரில் மட்டும் அதிர்வு

பெட்டியோ அதன் ஒயரோ எங்கேயாவது சுவரைத் தொடுகிறது. ஒரு தாளைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அதுதான் பாலம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் சுவரில் முட்டுவதும், விறைப்பான பவர் ஒயர் இழுத்துக் கட்டியது போல் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. மென்மையான பேட் மேல் இருக்கும் பெட்டி ஆடும், ஆகவே எல்லாப் பக்கமும் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள், ஒயரைத் தொய்வாக ஒரு வளையம் விட்டு வையுங்கள்.

பொதுச்சுவரை ஒட்டிப் பெட்டி இருந்தால், முடிந்தால் எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: சப்வூஃபரை அணைத்தாலும் தரை அதிர்கிறது

இதைச் சோதிக்காமல் பலர் பேட் மாற்றி மாற்றிக் களைத்துப்போகிறார்கள். சப்வூஃபரை அணைத்துவிட்டு அதே பாட்டை ஓட்டுங்கள். தரை இன்னும் அதிர்ந்தால், தரையில் நிற்கும் பெரிய முன் ஸ்பீக்கர்களே அடிபேஸையும் ஊதிக்கொண்டிருக்கின்றன. ரிசீவரில் அவற்றை `Small` என்று மாற்றி 80 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். பேஸ் முழுக்கச் சப்வூஃபருக்குப் போகும். அதைத்தான் நாம் பேட் மேல் வைத்திருக்கிறோம்.

உங்கள் அறைக்குள்ளேயே கடகடவென்று ஏதாவது அடித்தால் அது வேறு விஷயம். 30-லிருந்து 80 வரை டோனை மெல்ல ஏற்றுங்கள், எங்கே அடிக்கிறதோ அங்கே நிறுத்திக் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் அதுதான். என் வீட்டில் அது அலமாரியின் கண்ணாடிக் கதவு. சிறு ஃபெல்ட் துண்டு ஒன்று ஒட்டியதும் சரியானது.

அறிகுறி: பேட் போட்டதும் பேஸ் மெலிந்துவிட்டது

முன்பு உங்கள் தரையும் சேர்ந்து அதிர்ந்து, சோபா வழியாக உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. அது இப்போது வரவில்லை. காதுக்கு வரும் பேஸ் பெரும்பாலும் குறைந்திருக்காது, மைக் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு வாரம் குமிழைத் தொடாமல் இருங்கள். அதற்குள் ஏற்றிவிட்டால் பேட்டில் சம்பாதித்ததைக் காற்று வழியில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

அறிகுறி: மரத்தளம், எதைச் செய்தும் முழுசாக அடங்கவில்லை

கான்கிரீட் தளத்துக்குச் சொன்னதெல்லாம் மரத்தளத்துக்கும் பொருந்தும், ஆனால் இலகுவான மரத்தளம் தானே ஒரு தோல்மேளம் மாதிரி நடுவில் அதிகமாக ஆடும். அங்கே பெட்டியை அறை நடுவில் வைக்காமல், விட்டங்கள் சுவரில் தாங்கும் ஓரத்தில் வையுங்கள். அதே சமயம் மூலையைத் தவிர்த்து சுவரின் நடுப்பகுதியில் வையுங்கள், அப்போது நின்ற அலையையும் அவ்வளவாகக் கிளப்பாது. காற்றழுத்தமே மரத்தளத்தை எளிதாகத் தள்ளிவிடும் என்பதால் பேட்டின் பங்கு இங்கே சிறியது, கெய்னைக் குறைப்பதன் பங்கு பெரியது.

இரவில் மட்டும் மிஞ்சுவது

பகலில் மறைந்துபோகும் மிச்சம், ஊரடங்கிய பிறகு கேட்கும். எனக்கு மிஞ்சியது 30 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், படங்களில் வரும் வெடிச் சத்தங்களில் மட்டும். ரிசீவரில் இரவு நேரத்துக்கான டைனமிக் ரேஞ்ச் அமுக்கத்தைப் போட்டேன், வெடிகள் உரையாடலோடு சற்றுச் சமமாயின. சப்வூஃபரில் அடிபேஸை வெட்டும் ஃபில்டர் இருந்ததால் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரவில் வெட்டிவிடுகிறேன். இந்த வசதி இல்லாத, துளையுள்ள பெட்டியானால் துளையை ஃபோம் உருளையால் அடைத்துப் பார்க்கலாம், துளைக்கு ஒத்திசைந்த அடிமட்டப் பேஸ் மெலியும்.

இத்தனைக்கும் பிறகு பெரியவரிடம் கேட்டு, இரவு பத்து மணிக்கு 30, 35, 40, 45 என்று நான்கு டோன்களையும் படம் பார்க்கும் சத்தத்தில் ஓட்டினேன். முதலாவது மட்டும் லேசாக இருக்கிறது என்றார். மற்ற மூன்றுக்கும், "ஓட்டிட்டீங்களா தம்பி?" என்றுதான் போனில் கேட்டார். இப்போது எங்கள் வீட்டில் கெய்ன் குமிழில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அன்று வைத்த அளவைக் காட்ட.